கடிதம் கிடைத்தது, பதில் எந்தத் தேதிக்குள்?



பிரான்ஸ் நாட்டு அலுவலகங்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே படிக்கப் போன பிள்ளைகளின் பெற்றோர், வேலைக்குப் போனவர்களின் வீட்டார் என்று வேறு பலரும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருடைய போனிலும் என்றாவது ஒரு நாள் நாலே வரியில் ஒரு பிரெஞ்சுக் கடிதம் வந்து நிற்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று சொல்லும். சரி, கிடைச்சுடுச்சு என்று மூடி வைத்துவிடுவோம். அந்த நாலு வரிக்குள் இரண்டு தேதிகள் இருக்கும். அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்தக் கடிதத்துக்கு அங்கே 'அக்யூஸே த ரெசெப்ஸியோன்' என்று பெயர். ஆங்கிலம் பழகிய நம் காதில் 'அக்யூஸ்' என்றதும் ஏதோ குற்றச்சாட்டு என்று படும். பயப்பட வேண்டாம். இங்கே அதற்கு 'ஒப்புக்கொள்வது' என்று பொருள். பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ளும் கடிதம், நம் வழக்கில் ஒப்புகைக் கடிதம்.

ஒரு சின்னக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். பிரான்சில் பதிவுத் தபால் அனுப்பினால், பெற்றவர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று நமக்குத் திரும்பி வரும். பேச்சுவழக்கில் அதையும் இதே பெயரில்தான் சொல்வார்கள். அந்தச் சீட்டு தபால்காரர் தரும் சாட்சி, அவ்வளவுதான். உறை இந்த நாளில் போய்ச் சேர்ந்தது என்று அது சொல்லும். உறைக்குள் இருந்ததை யார் பார்க்கிறார்கள், எப்போது பதில் வரும் என்பதெல்லாம் அதில் இருக்காது. ஆனாலும் அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பின்னால் நாள் கணக்குப் பார்க்க அது வேண்டும்.

அலுவலகம் எழுதும் ஒப்புகைக் கடிதம் அதன் மரியாதையைப் பொறுத்த விஷயம் இல்லை, சட்டப்படியான கடமை. 2000 ஏப்ரல் 12-ஆம் தேதிச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. 2016 தொடக்கத்திலிருந்து பொதுமக்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான உறவுகள் பற்றிய தொகுப்புச் சட்டத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. விண்ணப்பம் வந்து சேர்ந்த தேதி வேண்டும். அதைக் கவனிக்கும் பிரிவின் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் இருந்தால் அதுவும் வேண்டும். அதோடு இன்னொரு தேதியும் வேண்டும்: அதுவரை அலுவலகம் வாயே திறக்காவிட்டால், விண்ணப்பத்தின் கதி என்ன என்று முடிவாகிவிடும் தேதி.

இந்தக் கடைசி விஷயம் நம்ம ஊர் ஆட்களுக்குக் கொஞ்சம் புதுசு. 'மௌனம் சம்மதம்' என்று நாம் வாய்வார்த்தையாகச் சொல்வதை அவர்கள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 2013 நவம்பர் 12-ஆம் தேதிச் சட்டப்படி, ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் பதில் இல்லை என்றால் அது ஏற்கப்பட்டதாகப் பொருள். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2014 நவம்பரிலும், நகராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்கு அடுத்த ஆண்டும் அது நடைமுறைக்கு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதிவிலக்குகள் ஏராளம். பணம் கேட்கும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு மௌனம் என்றால் மறுப்பு. புகாருக்கும் முறையீட்டுக்கும்கூட அப்படியே. ஆக, ஒரே இரண்டு மாத மௌனம் ஒருவருக்குச் சம்மதமாகவும் இன்னொருவருக்கு மறுப்பாகவும் முடியலாம். உங்கள் விண்ணப்பம் எந்தப் பக்கம் என்பதை அந்த நாலு வரிக் கடிதம் சொல்ல வேண்டும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். பிரான்சில் ஒரு சிறிய ஊர். அங்கே வசிக்கும் ஒரு தாய், தன் பிள்ளை பள்ளியில் சாப்பிடாத நாட்களுக்கும் உணவுக் கட்டணம் பிடித்துவிட்டார்கள், 142 யூரோவைத் திருப்பித் தாருங்கள் என்று நகராட்சிக்கு எழுதுகிறார். தொடக்கப் பள்ளியின் மதிய உணவை அங்கே நகராட்சிதான் நடத்துகிறது. கடிதத்தில் அவர் போட்ட தேதி மார்ச் 10. நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது மார்ச் 12.

நாள் கணக்கு 12-ஆம் தேதியிலிருந்துதான் ஓடும். இது பணம் சம்பந்தப்பட்ட கோரிக்கை. எனவே மே 12 வரை பதில் வராவிட்டால் மறுக்கப்பட்டதாகப் பொருள். அது சட்டம் வைத்த தேதி.

இனி நகராட்சி எழுத்தரின் மேசைப் பக்கம் போவோம். அந்தத் தாய்க்கு 'எப்போது பதில் சொல்வோம்' என்று அவர் எழுத வேண்டும். இதற்குச் சட்டம் தேதி எதுவும் தரவில்லை, அவரே கணக்குப் போட வேண்டும். பள்ளியிலிருந்து வருகைப் பட்டியல் வரணும். இன்றைக்கே கேட்டாலும் மார்ச் கடைசி ஆகிவிடும். அதைக் கணக்குப் பிரிவு கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கணும், அதற்கு இரண்டு வாரம். அப்புறம் பொறுப்பில் உள்ள துணை மேயர் கையெழுத்துப் போடணும். நடுவில் ஏப்ரலில் வசந்த கால விடுமுறை இரண்டு வாரம் வரும், அப்போது மேசைக்கு மேசை ஒருவர் இருக்க மாட்டார். எல்லாம் சேர்த்தால் ஏப்ரல் 20 வாக்கில் பதில் தயாராகலாம். கொஞ்சம் இடம் விட்டு ஏப்ரல் 30 என்று எழுதினால் அது நடக்கக்கூடிய தேதி.

'மார்ச் 20-க்குள்' என்று எழுதினால் அந்தத் தாய்க்கு மகிழ்ச்சியாக இருக்கும். 21-ஆம் தேதி காலையில் அவர் போன் செய்வார். பதில் இருக்காது. அதன் பிறகு அந்த அலுவலகம் தரும் எந்தத் தேதியையும் அவர் நம்பப் போவதில்லை. மறுபக்கம், மே 10 என்று இழுத்து வைப்பதும் சரிப்படாது. பிரான்சில் மே 1, மே 8 இரண்டும் அரசு விடுமுறை. விடுமுறை வியாழக்கிழமை வந்தால் வெள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். அதற்கு 'பாலம் கட்டுவது' என்றே பேர். மே முதல் பாதியை நம்பி ஒரு தேதி கொடுத்து அது நாலு நாள் சறுக்கினால், மே 12 என்ற சட்டத் தேதி தாண்டிவிடும். அப்புறம் அலுவலகம் எழுதும் பதில், ஏற்கெனவே மறுக்கப்பட்டுவிட்ட ஒன்றுக்கு எழுதுகிற பதிலாக இருக்கும்.

இதை வைத்து அவர் எழுதும் கடிதம் இவ்வளவுதான். பிரெஞ்சை நம் எழுத்தில் சொல்கிறேன். முதல் வரி: 'வோத்ர் குரியே தியூ தீஸ் மார்ஸ் நூஸே பார்வனு ல தூஸ் மார்ஸ்.' மார்ச் 10 தேதியிட்ட உங்கள் கடிதம் மார்ச் 12 அன்று எங்களை வந்தடைந்தது. இரண்டு தேதியையும் எழுதுவதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். அடுத்து எதைப் பற்றிய கடிதம் என்று ஒரு வரி: பள்ளி உணவுக் கட்டணம் 142 யூரோவைத் திருப்பித் தரக் கோரியது. நகராட்சிக்குத் தினமும் கட்டுக் கட்டாகத் தபால் வரும். எந்தக் கடிதத்துக்கு இது ஒப்புகை என்று பின்னால் சண்டை வரக் கூடாதில்லையா.

மூன்றாவது வரி: 'நூ வூ ரெபோந்த்ரோன் ஓ ப்ளூ தார் ல த்ராந்த் அவ்ரில்.' ஏப்ரல் 30-க்குள், அந்த நாளும் சேர்த்து, பதில் தருவோம். நான்காவது: 'அ தெஃபோ த ரெபோன்ஸ் ல தூஸ் மே, வோத்ர் தமாந்த் ஸரா ரெப்யூதே ரழ்தே.' மே 12 அன்றும் பதில் இல்லையென்றால் உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். அதை ஒட்டி, அந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எந்த நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஒரு வரி. கடைசியாகப் பிரிவின் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல். முடிந்தது.

இதற்குக் கீழே பிரெஞ்சுக்காரர்கள் மூன்று வரியில் ஒரு வணக்கம் எழுதுவார்கள். 'மேதகு அம்மையீர், எங்கள் உயர்ந்த மதிப்பின் வெளிப்பாட்டை ஏற்றருளுமாறு' என்கிற ரீதியில் போகும். அது அவர்கள் பழக்கம், அதைப் படித்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம். செயலி அதை மொழிபெயர்த்துத் தரும்போது 'ஏற்று' என்ற சொல் வருவதைப் பார்த்து விண்ணப்பத்தை ஏற்றுவிட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இதே மாதிரி 'பியான் ரஸ்யூ' என்று முதல் வரியில் வரும். 'நன்றாகப் பெற்றோம்' என்று செயலி சொல்லலாம். வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

தேதி எழுதுவதில் மட்டும் சில சொற்களைக் கவனிக்க வேண்டும். மிக அதிகமாக வருவது 'தான் லே மெய்யர் தெலே'. கூடிய விரைவில் என்று பொருள். நம் அலுவலகங்களில் 'விரைவில் தெரிவிக்கப்படும்' என்று எழுதுவார்களே, அதே சகோதரன். அதில் தேதி கிடையாது. அதை வாங்கி வைத்துக்கொண்டு யாரையும் கேட்க முடியாது. 'ஆன் கூர் தான்ஸ்த்ரூக்ஸியோன்' என்றால் ஆய்வில் இருக்கிறது. இதுவும் தேதி இல்லை.

'ஓ ப்ளூ தார் ல' என்றால் கடைசியாக அந்த நாள், அந்த நாளும் சேர்த்தி. 'அவான் ல' என்று எழுதினால் அந்த நாளுக்கு முன்பு, கறாராகப் பார்த்தால் அந்த நாள் சேராது. 'உய்தேன்' என்று வந்தால் நேரடிச் சொல் எட்டு நாள், ஆனால் அவர்கள் நினைப்பது ஒரு வாரம். 'கான்ஸேன்' பதினைந்து நாள் என்று இருந்தாலும் இரண்டு வாரம்தான். வேலை நாட்களுக்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள்: 'ழூர் ஊவ்ரே' என்றால் அலுவலகம் உண்மையில் திறந்திருக்கும் நாட்கள், பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து. 'ழூர் ஊவ்ராப்ள்' என்றால் சனிக்கிழமையும் சேர்ந்து ஆறு. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசியில்தான். பத்து நாள் என்று சொன்னால் ஒன்றில் இரண்டு வாரம் ஆகும், மற்றதில் ஒன்றரை வாரத்தில் முடிந்துவிடும். என்னைக் கேட்டால், மக்களுக்கு எழுதும் கடிதத்தில் இந்தச் சொற்கள் எதுவுமே வேண்டாம். ஏப்ரல் 30 என்று எழுதிவிட்டால் யாரும் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

இப்போது தவறு எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். அந்தத் தாய்க்கு வந்த கடிதத்தில் மூன்றாவது வரி மட்டும் இருந்து, நான்காவது வரி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 30-க்குள் சொல்கிறோம் என்றார்கள், சொல்லவில்லை. மே மாதம் போன் செய்தார், 'பார்த்துக்கிட்டிருக்கோம்' என்றார்கள். ஜூன் மாதம் இன்னொரு கடிதம், ஆய்வில் இருக்கிறது என்று. பதில் வரப் போகிறது என்றே அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். ஆனால் சட்டத்தின் கண்ணில் மே 12 அன்றே கோரிக்கை மறுக்கப்பட்டுவிட்டது. 'ஆய்வில் இருக்கிறது' என்ற கடிதம் அந்த இரண்டு மாத ஓட்டத்தை நிறுத்தாது. ஜூலை பாதிக்குள் நீதிமன்றம் போயிருக்க வேண்டும், அவரோ ஆகஸ்டில்தான் விழித்துக்கொள்கிறார்.

இங்கேதான் சட்டம் மக்கள் பக்கம் நிற்கிறது. ஒப்புகைக் கடிதம் அனுப்பாவிட்டாலும், அனுப்பியதில் இருக்க வேண்டியவை இல்லாவிட்டாலும், 'உங்கள் கெடு முடிந்துவிட்டது' என்று அலுவலகம் அவரைத் தடுக்க முடியாது. அதனால் காலமெல்லாம் காத்திருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 2016-இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான 'கோன்செய் தெத்தா' ஒரு தீர்ப்பில், இப்படிப்பட்டவர்களும் பொதுவாக ஓராண்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. மௌன மறுப்பைப் பொறுத்தவரை, மறுப்பு ஏற்பட்டது அவருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்த நாளிலிருந்து அந்த ஓராண்டு ஓடும். நான்காவது வரி முறையாக இருந்தால் கெடு இரண்டு மாதம்தான். ஆக, உங்கள் கையில் உள்ள கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து உங்கள் கால அவகாசமே மாறுகிறது. அதனால்தான் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும், பின்பக்கத்தையும் சேர்த்து, போனில் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். முறையீட்டு வரிகள் பல நேரம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

உடனே நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும் என்றும் இல்லை. அந்த இரண்டு மாதத்துக்குள் அதே அலுவலகத்துக்கு, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒரு கடிதம் எழுதலாம். கெடுவுக்குள் எழுதினால் நீதிமன்றம் போகும் உரிமை அப்படியே காப்பாற்றப்படும்.

இணைப்பு ஏதாவது விட்டுப்போயிருந்தால் கணக்கு வேறு மாதிரி. அந்தத் தாய் கட்டண ரசீதை வைக்க மறந்திருந்தால், ஒப்புகையிலேயே என்ன குறைகிறது, எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று அலுவலகம் சொல்ல வேண்டும். மௌனம் சம்மதமாகும் விண்ணப்பமாக இருந்தால், ரசீது போய்ச் சேர்ந்த பிறகுதான் இரண்டு மாதம் தொடங்கும். மௌனம் மறுப்பாகும் விண்ணப்பமாக இருந்தால், ரசீது அனுப்பக் கொடுத்த கால அவகாசத்தில் அந்த ஓட்டம் நிற்கும், அதற்குள் ரசீது போய்ச் சேர்ந்துவிட்டால் அப்போதே மீண்டும் தொடரும். இப்படிப்பட்ட நிலையில் எழுத்தர் ஏப்ரல் 30 என்று உறுதி கொடுக்க முடியாது. 'ரசீது வந்த நாளிலிருந்து ஐந்து வாரத்துக்குள்' என்று எழுதுவதுதான் நேர்மை. நீங்களும் ரசீதை அனுப்பிய அன்றே நாட்காட்டியில் ஐந்து வாரம் எண்ணிக் குறித்துக்கொள்ளலாம்.

இங்கிருந்து எழுதுகிறவர்களுக்கு மூன்று விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லா விண்ணப்பத்துக்கும் ஒப்புகைக் கடிதம் வராது. சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய ஒரு ஆவணத்தை மட்டும் கேட்கிறீர்கள், உதாரணமாக வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் நாந்த் நகர அலுவலகத்தில் பிறப்புச் சான்றின் நகல் கேட்கிறீர்கள் என்றால், அவர்கள் ஒப்புகை எழுதக் கடமைப்பட்டவர்கள் இல்லை. ஒப்புகை வரலையே என்று அங்கே தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இணையவழி விண்ணப்பத்துக்கு இரண்டு கடிதம் வரலாம். முதலாவது, பதிவாகிவிட்டது என்று இயந்திரம் அனுப்புவது. அது ஒரு வேலை நாளுக்குள் வர வேண்டும். இரண்டாவதுதான் உண்மையான ஒப்புகை, அதற்குப் பத்து வேலை நாள் வரை ஆகலாம். முதலாவதை ஒப்புகை என்று நினைத்து அதில் தேதி தேடினால் கிடைக்காது. இரண்டுமே பெரும்பாலும் `ne-pas-repondre` அல்லது `noreply` என்று தொடங்கும் முகவரியிலிருந்து வரும். 'பதில் அனுப்பாதீர்கள்' என்று பொருள். ஜிமெயிலில் ஸ்பேம் பக்கம் போய் விழவும் வாய்ப்பு உண்டு, அங்கேயும் ஒரு முறை பாருங்கள். கேள்வி இருந்தால் கடிதத்துக்குள் குறிப்பிட்டுள்ள பிரிவின் மின்னஞ்சலுக்குத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது, தூரம். பிரான்சின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகும் இரண்டு மாதக் கெடு, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு மேலும் இரண்டு மாதம் நீளும். அந்தத் தாய் புதுச்சேரியில் இருந்திருந்தால் ஜூலைக்குப் பதிலாகச் செப்டம்பர் நடுப்பகுதி வரை நேரம் இருந்திருக்கும். ஆனால் மே 12 அப்படியே இருக்கும். மௌனம் மறுப்பாக மாறும் நாள் தூரத்தைப் பார்த்து நகராது.

அலுவலகம் சொன்ன ஏப்ரல் 30 தாண்டிவிட்டால் என்ன எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். நீளமாக வேண்டாம். ஒப்புகைக் கடிதத்தின் தேதி, அதில் உள்ள குறிப்பு எண், அவர்கள் சொன்ன பதில் தேதி ஆகிய மூன்றையும் ஒரே வரியில் சொல்லி, புதிய தேதி என்ன என்று ஒரு வரியில் கேளுங்கள். ஒப்புகையின் படத்தை இணையுங்கள். மே 5 வாக்கில் அது அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். 12-ஆம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது அந்தக் கோப்பை ஒருவர் கையில் எடுக்கட்டும்.